பரங்கி விதையைத் தோலோட தின்னலாமா? வறுத்தா என்ன மாறுது?

சாம்பார்வாசம்: சாம்பாருக்கு வெட்டின பரங்கிக்காயிலிருந்து ஒரு கோப்பை விதை கிடைச்சது. அலசிட்டு அப்படியே வாணலியில போட்டா தோல் கருகுது, உள்ள பருப்பு பச்சையா இருக்கு. மென்னா சக்கை வாயிலேயே நிக்குது. உரிச்சுத்தான் தின்னணுமா?

இரும்புச்சட்டி: தோலோட தின்னலாம், உரிக்கத் தேவையில்லை. ஈர விதையைப் பெரிய தீயில போட்டதுதான் சிக்கல். தோல் சீக்கிரம் சூடேறிக் கருகும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற நேரமே கிடைக்காது. ஈரம் இருக்கிற வரைக்கும் தோல் தோல்தான், வளையுமே தவிர உடையாது. அது முழுசா வறண்டாத்தான் பல்லுல நொறுங்கும்.

முதல்ல விதையைத் தண்ணியில போட்டுப் பிசைஞ்சு நாரையும் வழவழப்பையும் கழுவுங்க. வழவழப்பு மிச்சமிருந்தா விதை சட்டியில ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் கருகும். ஒரு கோப்பை விதைக்கு நாலு கோப்பை தண்ணி, ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு. கொதிச்சதும் பத்து நிமிஷம் சிறு தீயில விடுங்க. தோல் இளகும், உப்பும் உள்ள இறங்கும். வடிச்சுத் துணியில பரப்பி, தொட்டா கையில ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர்த்துங்க. அப்புறம் இரும்புச் சட்டியில சிறு தீ, ஒரு தேக்கரண்டி எண்ணெய், 15–20 நிமிஷம் கிளறிக்கிட்டே இருக்கணும். படபடன்னு வெடிக்கும், சில விதை உப்பும். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகித் தள்றதுதான் அது.

நிறத்தை நம்பாதீங்க. ஒரு விதையை எடுத்து ஆறவிட்டு உடைச்சுப் பாருங்க. சூட்டுல எல்லாமே மெத்துனுதான் இருக்கும். பருப்பு லேசாப் பொன்னிறமாகி, உடைச்சா 'டக்'குனு முறிஞ்சா போதும். உடனே தட்டுக்கு மாத்திடணும், சட்டிச் சூட்டுலயே விட்டா கருகிடும். பருப்பு காப்பிப்பொடி நிறத்துக்குப் போனா கசப்புத்தான்.

நாட்டுவைத்தியப்பிரியன்: தோலை விட்டுடாதீங்க, துத்தநாகச் சத்து முழுக்க அதுலதான். பச்சையா மென்னாத்தான் பலன், வறுத்தா எல்லாம் போயிடும்.

அடுக்களைக்கணக்கு: தோல்ல சத்து இருக்கு, ஆனா அது நார்ச்சத்து. துத்தநாகம் பெரும்பாலும் பருப்புல. அது தாது, வறுக்கிற சூட்டுல மறையாது. 28 கிராம் தோலோட வறுத்த விதையில சுமார் 5 கிராம் நார், உரிச்ச பருப்புல 2 கிராமுக்கும் கீழ. நார் வேணும்னா தோல், தாது வேணும்னா பருப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். வறுக்கும்போது நிஜமாவே கவனிக்க வேண்டியது எண்ணெயை. கருக வறுத்தாலோ, வறுத்ததைத் திறந்து வெச்சாலோ சிக்கு வாடை வந்துடும். நல்லா ஆறினப்புறம் காத்துப் புகாத டப்பாவுல போடுங்க. சூடா மூடினா வேர்த்து நமுத்துடும்.

மாடித்தோட்டம்: எங்க வீட்டுல பொட்டலத்துல வாங்குற பச்சை விதைக்குத் தோலே இல்லையே? அதை நீங்க சொன்ன மாதிரி வேகவெச்சா குழைஞ்சுபோச்சு.

இரும்புச்சட்டி: நீங்க சொல்றது வேற சரக்கு. ஒண்ணு, மிஷின்ல உடைச்ச பருப்பு. இல்லன்னா ஆஸ்திரியாவோட ஸ்டீரியா பக்கத்து எண்ணெய்ப் பூசணி, அதுல கெட்டித் தோலே உருவாகாது, மெல்லிய படலம்தான். ரெண்டுக்கும் வேகவைக்கிற வேலையே வேண்டாம். வெறும் சட்டியில அஞ்சு நிமிஷம், உப்பி வெடிக்க ஆரம்பிச்சதும் இறக்கிடுங்க. ஆனா நாத்துக்கடையில நடறதுக்குன்னு விக்கிற விதையை மட்டும் தின்னாதீங்க, மருந்து தடவியிருப்பாங்க.

குட்டிப்பையன்அம்மா: என் பையனுக்கு நாலு வயசு. இதைக் கேட்டுக்கிட்டே இருக்கான், குடுக்கலாமா?

அடுக்களைக்கணக்கு: தோலோட வேண்டாம்மா, முழுப் பருப்பும் வேண்டாம், புரையேறும். பொடிச்சு சாதத்துலயோ தோசை மாவுலயோ கலந்து குடுங்க. பெரியவங்களும் சரியா மெல்லாம கைநிறைய அள்ளித் தின்னா, தோல் செரிக்காம குடல்ல கட்டியா இறுகி மலம் அடைச்சுக்கும். ஒரு வேளைக்கு ஒரு சின்னப் பிடி, கூடத் தண்ணி. குடல்ல அடைப்பு வந்தவங்க, ஆபரேஷன் ஆனவங்க டாக்டர்கிட்ட கேக்காம தோலைத் தொடவேண்டாம்.

அரசாணி: எங்க கொங்குப் பக்கம் அரசாணிக்காய்தான். முத்தின பெரிய காயோட விதை எவ்வளவு வேகவெச்சாலும் தோல் தடிப்பாத்தான் நிக்குது. அதுக்குப் பல்லால கீறிப் பருப்பை மட்டும் எடுக்கிறதே மேல். சிரியா, துருக்கிப் பக்கம் அப்படித்தானே கொறிக்கிறாங்க. வேகவைக்கிறதை விட ராத்திரி முழுக்க உப்புத்தண்ணியில ஊறவைக்கிறது நல்லதுன்னு நினைக்கிறேன், தோல் பிளக்காது.

இரும்புச்சட்டி: ஊறினா உப்பு பிடிக்கும், தோல் இளகுமான்னு சந்தேகம்தான். தடிப்பு விதைக்கு ரெண்டையும் செஞ்சு பாருங்க.

சாம்பார்வாசம்: ஒரு விதையைப் பச்சையா மென்னு பாத்தேன், கசக்குது. வறுத்தா போயிடுமா?

அரசாணி: போகாதுங்க. விதையோட காயையும் கொஞ்சம் நக்கிப் பாருங்க. அதுவும் கசந்தா ரெண்டையும் தூக்கிப் போட்டுடுங்க, சாம்பாரும் வேண்டாம். வயித்தைப் புரட்டி எடுத்துடும்.