ஜூன் 18க்குள்ள போடணும்: ‘பெரிய வீடு’ குழுவில் முருகேசனின் கிராஜுவிட்டிப் பணம்

*ஜூன் 3, செவ்வாய்*

முருகேசன் (இரவு 8:04)
எல்லாருக்கும் வணக்கம். ரிடையர் ஆகி பி.எஃப். பணமும் வந்து ரெண்டு மாசம் ஆகப் போவுது. எல்லாம் சேவிங்ஸ்லயே கிடக்கு. பேங்க்ல இருந்து தினம் ஒரு போன், வெளிய போனா ஆளுக்கு ஒரு யோசனை. இங்கயே கேட்டுடலாம்னு எழுதறேன்.
31 வருஷ சர்வீஸ். கடைசி பேசிக்கும் டி.ஏ.வும் 36,400. கிராஜுவிட்டி 6,51,000. பி.எஃப். 18,40,000. லீவு சம்பளம் 1,89,000. மொத்தம் 26,80,000. மாசாமாசம் பென்ஷன் 4,200.

சரவணன் (8:06)
அண்ணே, நான் போன வாரமே சொன்னேனே. நம்ம ஊர் பைனான்ஸ்ல லட்சத்துக்கு மாசம் 3,000. நான் 1 லட்சம் போட்டு 14 மாசம் ஆச்சு. 5ஆம் தேதி ஆனா கையில காசு. 42,000 வாங்கிட்டேன். நீங்க 10 லட்சம் போட்டா மாசம் 30,000. வாங்குன சம்பளத்துக்குக் கிட்ட வந்துடும்.

கார்த்தி (8:09)
அப்பா, பாகலூர் ரோட்டு மனை இன்னும் போகல. 15 லட்சம்தான் கேட்கறாங்க. மண்ணுல போட்ட காசு எங்கயும் போகாது.

ராஜாமணி (8:11)
மாப்ள, பென்ஷன் 4,200தான் வருதா? ஆபீஸ்ல போய்க் கேளுங்க. என் பிரண்டுக்கு 5,000க்கு மேல வருது.

முருகேசன் (8:12)
அது சரியாத்தான் இருக்கு மச்சான். 2014 வரைக்கும் 6,500 சம்பளத்தை வச்சுத்தானே பென்ஷன் கணக்கு, அதான் கம்மி. நான் கேட்கறது கையில இருக்கற மொத்தப் பணத்தைப் பத்தி.

சரோஜா (8:20)
முருகேசா, முதல்ல ஒண்ணு சொல்லு. கிராஜுவிட்டி உன் அக்கவுண்ட்ல ஏறின தேதி என்ன? பாஸ்புக்கைப் பார்த்துச் சொல்லு, ஞாபகத்துல சொல்லாத.

முருகேசன் (8:26)
மார்ச் 18 அக்கா. லீவு சம்பளமும் அன்னைக்குத்தான். பி.எஃப். ஏப்ரல் 9.

சரோஜா (8:33)
அப்ப உனக்கு 15 நாள்தான் இருக்கு. போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்ல இத்தனை வருஷம் உட்கார்ந்ததுல இந்த ஒரு விஷயத்துக்குத்தான் நிறையப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. மனசு கேட்காது, ஆனா ரூல் அது.
போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம் 60 வயசுக்கு மேலன்னு எல்லாரும் நினைக்கறாங்க. 55 முடிஞ்சு ரிடையர் ஆனவங்களும் போடலாம். ஆனா ரிடையர்மென்ட்ல வந்த பணத்தை மட்டும்தான் போட முடியும், அதுவும் பணம் கைக்கு வந்து 3 மாசத்துக்குள்ள. முன்ன 1 மாசம்தான் இருந்தது, 2023 கடைசியிலதான் 3 மாசம் ஆக்கினாங்க. உனக்கு 58. இதை விட்டா இன்னும் ரெண்டு வருஷம் காத்திருக்கணும்.
பி.எஃப்.க்கு ஜூலை வரைக்கும் நேரம் இருக்கு. ஆனா கவுண்டர்ல வாக்குவாதம் வராம இருக்க ஜூன் 18ஐயே கடைசித் தேதியா வச்சுக்கோ.

முருகேசன் (8:35)
அக்கா, இதை யாருமே சொல்லலையே. பேங்க்லயும் சொல்லல.

ராஜாமணி (8:41)
பேங்க்ல எப்படிச் சொல்லுவாங்க? என் கதையைக் கேளுங்க. ரிடையர்மென்ட் பணம் விழுந்த மறுநாளே உள்ள கூப்பிட்டு காபி கொடுத்தாங்க. 5 வருஷ டெபாசிட்னு சொல்லி 2 லட்சத்துக்குக் கையெழுத்து வாங்கினாங்க. 11 மாசம் கழிச்சு, அடுத்த தவணை 2 லட்சம் கட்டுங்கன்னு நோட்டீஸ் வருது. அப்புறம்தான் தெரியுது அது இன்சூரன்ஸ் பாலிசி, 5 வருஷமும் கட்டணும்னு.

பிரியா (8:44)
ஐயோ அங்கிள். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள்ள வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருந்தா கிட்டத்தட்ட முழுப் பணமும் திரும்பியிருக்கும். இப்பவும் கம்பெனிக்கு எழுத்துல புகார் கொடுங்க. டெபாசிட்னு சொல்லித்தான் வித்தாங்கன்னு தெளிவா எழுதணும். 30 நாள்ல சரியான பதில் வரலைன்னா சென்னையில இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் கிட்ட போகலாம், அதுக்குக் கட்டணம் கிடையாது.

ராஜாமணி (8:46)
கையெழுத்து என்னோடதுதானேம்மா. எடுபடுமான்னு தெரியல. எழுதிப் பார்க்கறேன்.

பிரியா (8:50)
ஆனா மாமா, மொத்தத்தையும் போஸ்ட் ஆபீஸ்ல போட வேண்டாம். நல்ல மியூச்சுவல் ஃபண்ட்ல போட்டா வருஷம் 12% வரும். அதுல இருந்து மாசாமாசம் எடுத்துக்கலாம். போஸ்ட் ஆபீஸ் 8.2தான்.

சரோஜா (8:57)
பிரியா, அந்த 12% எல்லா வருஷமும் வராதும்மா. 2020 ஜனவரியில சென்செக்ஸ் 41,000க்கு மேல. மார்ச் 23 அன்னைக்கு 26,000க்குக் கீழ. அன்னைக்கு மாமா வீட்டுக்கு அரிசி வாங்கணும்னா எதை வித்து வாங்குவாரு?

பிரியா (8:59)
அம்மா, அந்த வருஷம் நவம்பர்லயே பழைய நிலைக்கு வந்துடுச்சு.

சரோஜா (9:03)
வந்துச்சு, இல்லைங்கல. காத்திருக்க முடிஞ்சவங்களுக்கு வந்துச்சு. மாசாமாசம் யூனிட்டை வித்துச் சாப்பிட்டவங்க கிட்ட மேல ஏறும்போது யூனிட் குறைஞ்சிருக்கும். சம்பளம் வர்ற உனக்கு அது சரி. உங்க மாமாவுக்கு வேற சம்பளம் இல்ல.

செல்வி (9:10)
அண்ணி, நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். போன மூணு மாசச் செலவு சராசரியா 16,500. வீடு சொந்தம், வாடகை இல்ல. தீபா கல்யாணத்துக்கு 5 லட்சம் தனியா வேணும். ரெண்டு வருஷத்துக்குள்ள முடிச்சுடணும். அதுல யாரும் கை வைக்கக் கூடாது.

சரோஜா (9:18)
இதுதான் செல்வி வேணும். இப்ப கணக்கு சுலபம்.
கல்யாணத்துக்கு 5 லட்சம், பேங்க்ல ரெண்டு வருஷ எஃப்.டி. அவசரத்துக்கு 1,80,000 சேவிங்ஸ்லயே இருக்கட்டும். மீதி சரியா 20 லட்சம். அது சீனியர் சிட்டிசன்ல. வருஷத்துக்கு 1,64,000. மூணு மாசத்துக்கு ஒரு தடவை 41,000. மாசக் கணக்குல 13,600 சொச்சம். பென்ஷனோட சேர்த்தா 17,800க்கு மேல. செலவு போக 1,300 மிஞ்சும்.
வட்டி மாசாமாசம் வராது, ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி 1ஆம் தேதிதான் வரும். அதை மூணாப் பிரிச்சு வச்சுக்கற பழக்கம் உனக்கு இருக்கு, முருகேசனுக்கு இல்ல. அதனால வட்டி விழற அக்கவுண்ட் உன் பார்வையில இருக்கட்டும்.

பிரியா (9:22)
சரி, ஆனா ஒண்ணு யோசிங்க. அஞ்சு வருஷமும் அதே 41,000தான். 16,500 செலவு அஞ்சு வருஷத்துல அப்படியே நிக்காது. கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸும் ரிடையர் ஆனதோட போச்சு. மாமாவுக்குச் சுகர் இருக்கு. புது பாலிசி எடுத்தா சுகர் சம்பந்தப்பட்டதுக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்க வைப்பாங்க. அதனால அதை இப்பவே எடுக்கணும்.

சரோஜா (9:26)
இதை நான் விட்டுட்டேன். நீ சொல்றது ரெண்டும் சரி. அந்த 1,300 விலைவாசிக்குப் பத்தாது. மெடிக்கல் பிரீமியம் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லு, 1,80,000லதான் கை வைக்கணும்.

கார்த்தி (9:30)
அப்ப மனை?

முருகேசன் (9:34)
கார்த்தி, 15 லட்சத்தை மண்ணுல போட்டா மாசம் எனக்கு என்னப்பா வரும்? அவசரம்னா ஒரு மாசத்துல விக்க முடியுமா? உனக்கு வேணும்னா உன் சம்பளத்துல லோன் போட்டு வாங்கு, முன்பணத்துக்கு அப்புறம் பேசலாம்.

கார்த்தி (9:35)
சரிப்பா. நேர்ல பேசலாம்.

சரவணன் (9:38)
யாரும் நான் சொன்னதுக்குப் பதில் சொல்லல. 14 மாசமா தவறாம வருது. அவர் வட்டிக்கு விடறாரு, அதுல இருந்துதான் தர்றாரு.

சரோஜா (9:47)
சரவணா, கோவிச்சுக்காம கேளு. மாசம் 3,000ன்னா வருஷத்துக்கு 36%. உனக்கே 36 கொடுத்துட்டு, ஆள் சம்பளம், வாராக் கடன் போக அவருக்கும் லாபம் வரணும். தொழில் அவ்வளவு நல்லா நடந்தா, சொத்தை அடமானம் வச்சு பேங்க்ல அதுல பாதிக்கும் கீழ வட்டிக்கு வாங்கலாமே? ஏன் நம்மகிட்ட வர்றாரு?
நீ வாங்கின 42,000 உன் காசா, உனக்கு அப்புறம் போட்டவன் காசான்னு வட்டி வர்றதை வச்சுத் தெரியாது. அசலைக் கேட்டாத்தான் தெரியும். நாளைக்குப் போய் 1 லட்சத்தையும் திருப்பிக் கேளு. தீபா கல்யாணத்துக்குன்னு சொல்லு. உனக்கு அவர் கொடுத்த பேப்பர்ல என்ன இருக்கு?

சரவணன் (9:49)
கார்டு ஒண்ணு, அதுல மாசாமாசம் டிக் பண்ணுவாங்க.

செல்வி (9:50)
கம்பெனி பேர், ரசீது ஒண்ணும் இல்லையா தம்பி?

சரவணன் (9:55)
இல்ல அண்ணி. நாளைக்குக் கேட்டுப் பார்க்கறேன்.

சரோஜா (10:08)
முருகேசா, நாளைக்குச் செய்ய வேண்டியது. கம்பெனி எச்.ஆர்.ல போய் ஒரு சர்டிபிகேட் வாங்கு. எந்தத் தேதியில ரிடையர் ஆன, என்ன வேலை, எத்தனை வருஷம், என்னென்ன பணம் எந்தத் தேதியில கொடுத்தாங்கன்னு அதுல இருக்கணும். இது இல்லாம 60க்குக் கீழ இருக்கறவங்களுக்கு அக்கவுண்ட் திறக்க மாட்டாங்க. 1 லட்சத்துக்கு மேல ரொக்கமா வாங்க மாட்டாங்க, செக்தான்.
20 லட்சத்தையும் ஒரே அக்கவுண்ட்ல போடாத. இதுல பாதி எடுக்கறதுங்கறது கிடையாது, எடுத்தா மொத்தமா மூடணும். முதல் வருஷத்துலயே மூடினா கொடுத்த வட்டியை அசல்ல பிடிச்சுக்குவாங்க. ரெண்டு வருஷத்துக்குள்ளன்னா ஒண்ணரை சதவீதம் போகும், அதுக்கு மேல 1%. போஸ்ட் ஆபீஸ்ல 12 லட்சம், பேங்க்ல 8 லட்சம்னு பிரிச்சுப் போட்டா, அவசரத்துல 8ஐ மட்டும் மூடலாம். ஒண்ணரை சதவீதம்னாலும் 12,000தான் போகும், 30,000 இல்ல.

முருகேசன் (10:11)
பேங்க்லயும் இதே 8.2தானா அக்கா?

சரோஜா (10:14)
அதேதான், அரசாங்க ஸ்கீம். ஆனா பேங்க்ல போய் ‘டெபாசிட்’னு சொல்லாத. ஸ்கீம் பேரைச் சொல்லு. கையெழுத்துக்கு நீட்டற பேப்பர்ல மேல என்ன பேர் இருக்குன்னு படி. ராஜாமணி அண்ணன் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.
செல்வியை ஜாயின்ட்ல சேர்த்துக்கோ. உனக்கு ஏதாவதுன்னா அவளே அதைத் தொடரலாம். வட்டி தானா சேவிங்ஸ்ல ஏறற மாதிரி எழுதிக் கொடு. எடுக்காம கிடக்கற வட்டிக்கு வட்டி கிடையாது. நம்ம ஆபீஸ்ல வருஷக்கணக்கா எடுக்காமலே வச்சிருந்த பெரியவங்களைப் பார்த்திருக்கேன்.

*ஜூன் 5, வியாழன்*

முருகேசன் (மாலை 5:40)
சர்டிபிகேட் வாங்கிட்டேன். முதல்ல கொடுத்ததுல பணம் கொடுத்த தேதி இல்ல. திருப்பிக் கொடுத்து எழுதி வாங்கினேன். செக் புக் தீர்ந்து போச்சு, இப்பதான் கேட்டிருக்கேன், ஒரு வாரம் ஆகுமாம்.

சரோஜா (5:52)
12ஆம் தேதிக்குள்ள வரலைன்னா பேங்க்லயே வேற வழி கேளு. 17 வரைக்கும் இழுக்காத.

சரவணன் (இரவு 9:15)
அக்கா, கேட்டேன். அசல் ஆடி கழிஞ்சு தர்றேங்கறாரு. வட்டி மட்டும் இந்த மாசமும் கொடுத்துட்டாரு.

செல்வி (9:17)
தம்பி, இன்னும் யாரையும் அதுல சேர்த்து விடாதீங்க.

சரவணன் (9:31)
ரெண்டு பேரை ஏற்கனவே சேர்த்து விட்டுட்டேன் அண்ணி. நாளைக்கு அவங்ககிட்ட பேசறேன்.

*ஜூன் 16, திங்கள்*

முருகேசன் (மதியம் 12:48)
போஸ்ட் ஆபீஸ்ல 12 லட்சத்துக்கு அக்கவுண்ட் ஓபன் ஆயிடுச்சு. பாஸ்புக் செல்வி கையில. மதியம் சாப்பிட்டுட்டு 8 லட்சத்துக்கு பேங்க் போறோம்.

சரோஜா (12:50)
ரெண்டு பேரும் சேர்ந்து போங்க. நாமினி பேர் ஏறியிருக்கான்னு பாஸ்புக்கைத் திறந்து பாரு செல்வி.

செல்வி (12:53)
தீபா பேர் இருக்கு அண்ணி.