சீசன் கடைக்கு எந்தப் புத்தகம்?

குன்னூர் கடை: பெட்போர்டு பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஹோம்மேட் சாக்லேட், டீத்தூள், வர்க்கி, தைலம். விலை வைக்க, கணக்கு எழுத, நாலு பேரை உள்ளே வரவைக்க எந்தப் புத்தகம் படிக்கலாம்? ஏப்ரல், மே முழுக்கக் கூட்டம், ஆனால் லாபமா நஷ்டமா என்றே தெரியவில்லை.

வெலிங்டன்வாசி: மைக் மிக்கலோவிட்ஸின் 'ப்ராஃபிட் ஃபர்ஸ்ட்' வாங்குங்க அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். பணம் வந்ததும் லாபத்தைத் தனி அக்கவுண்ட்டில் ஒதுக்கிவிடணும், மிச்சத்தில்தான் செலவு. டெபிட், கிரெடிட் தலைவலியே இல்லை. என் பைக் சர்வீஸ் ஷெட் இப்படித்தான் ஓடுது.

பழைய குமாஸ்தா: தம்பி, உங்க ஷெட்டில் வருவதில் பாதிக்கு மேல் கூலி. இவங்க கல்லாவில் நூறு ரூபாய் விழுந்தால் எழுபது, எண்பது சரக்கு போட்டவருடையது. மொத்த விற்பனையில் சதவீதம் எடுத்து ஒதுக்கினால், ஜூனில் சாக்லேட்காரருக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. சரக்கு விலையைக் கழித்த பிறகுதான் பங்கு பிரிக்கணும் என்று அந்தப் புத்தகத்திலேயே இருக்கு, அந்தப் பக்கத்தை நிறையப் பேர் தாண்டிப் போயிடறாங்க.

அம்மா, நீங்க தமிழ்நாடு அரசின் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தில் முதல் பாடத்தை மட்டும் படிங்க. தினமும் சரியாக எழுதாத கடைக்கு லாபம் கண்டுபிடிப்பதுதான் அந்தப் பாடமே. ஏப்ரல் 1, ஜூன் 1 இரண்டு நாளைக்கும் சரக்கு, ரொக்கம், வரவேண்டியது, கொடுக்கவேண்டியது எவ்வளவு என்று சொல்லுங்க.

குன்னூர் கடை: ஏப்ரலில் சரக்கு 1,80,000, ரொக்கமும் பேங்கும் 40,000, காட்டேஜ்காரர்கள் தரவேண்டியது 15,000, நான் தரவேண்டியது 60,000. ஜூனில் அதே வரிசையில் 1,20,000, 1,10,000, 25,000, 45,000. நடுவில் வீட்டுக்கும் பிள்ளை ஃபீஸுக்கும் 60,000 எடுத்தேன். சீட்டு எடுத்து 30,000 கடையில் போட்டேன்.

பழைய குமாஸ்தா: ஏப்ரலில் கடன் போக உங்க சொந்த முதல் 1,75,000. ஜூனில் 2,10,000. கூடியது 35,000. வீட்டுக்கு எடுத்தது கடை சம்பாதித்ததுதானே, அந்த 60,000-ஐச் சேர்த்தால் 95,000. சீட்டுப் பணம் வியாபாரத்தில் வந்ததில்லை, அதைக் கழித்தால் லாபம் 65,000. பேங்க் பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இது தெரியாது.

வெலிங்டன்வாசி: சரி சார், ஆனால் பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு ராத்திரி ஸ்கூல் புத்தகம் யார் படிப்பாங்க? அதில் விலை வைக்க எங்கே சொல்லியிருக்கு?

கோத்தகிரி அக்கா: அதில் இல்லை, உண்மைதான். ஆனால் விலை பற்றிய இங்கிலீஷ் புத்தகங்கள் பெரும்பாலும் விலை முழுக்க நம் கையில் இருப்பதாக நினைத்து எழுதியவை, இங்கே பிஸ்கட், சோப்பு எல்லாம் எம்ஆர்பி அச்சடித்து வருது. லூஸில் விற்பதில்தான் நமக்கு இடம். அங்கேதான் தப்பும் நடக்குது. கிலோ 500-க்கு வாங்கிய சாக்லேட்டில் 25 சதவீதம் ஏற்றி 625 போடறீங்க. பேரம் பேசுகிறவருக்குப் பத்து சதவீதம் குறைத்தால் 562 ரூபாய் 50 காசு. கூட்டி வந்த டிரைவருக்கு அதில் பத்து சதவீதம் போனால் மிச்சம் ஆறேகால் ரூபாய்! அட்டைப் பெட்டிக்கே பற்றாது. விற்கிற விலையில் கால் பங்கு நிற்கணும் என்றால் 500-ஐ 0.75-ஆல் வகுத்து 667 போடணும், பேரத்துக்கும் கமிஷனுக்கும் அதற்கு மேல் தனியாக ஏற்றணும்.

கொடை ஹோம்ஸ்டே: எல்லாரும் கணக்கிலேயே நிற்கிறீங்க. ஆலன் டிப் எழுதிய 'ஒன் பேஜ் மார்க்கெட்டிங் பிளான்' படிங்க, ஒரே பக்கத்தில் ஒன்பது கட்டம், அவ்வளவுதான். வாங்கியவரைத் திரும்ப வரவைப்பதற்கு அதில் தனிப் பகுதியே இருக்கு. எனக்கு ஆஃப் சீசனில் ரூம் நிரம்புவது பழைய கெஸ்ட்டால்தான்.

கோத்தகிரி அக்கா: ரூமுக்குத் திரும்ப வருவாங்க தம்பி, பஸ் நிற்கிற பத்து நிமிஷத்தில் சாக்லேட் வாங்கினவர் எந்த ஊர் என்றே இவங்களுக்குத் தெரியாது.

கொடை ஹோம்ஸ்டே: நம்பர் வாங்கி வைத்தால் தெரியும்! டீத்தூள் மாதாமாதம் தீருது, வாட்ஸ்அப்பில் கேட்டால் கூரியர் போடலாம்.

கோத்தகிரி அக்கா: கால் கிலோ டீத்தூளுக்குக் கூரியர் காசு யார் கொடுப்பாங்க?

குன்னூர் கடை: அரை கிலோவுக்குக் கீழே அனுப்புவதில்லை என்று வைத்துப் பார்க்கிறேன். குமாஸ்தா சார், ஒரு சந்தேகம். ஜூன் இருப்பில் நமுத்துப்போன வர்க்கியும் மேலே வெள்ளை பூத்த சாக்லேட்டும் 8,000 ரூபாய்க்கு இருக்கு. அதையும் வாங்கின விலையில்தான் போட்டேன்.

பழைய குமாஸ்தா: வாங்கின விலை, இப்போது போகிற விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் போடணும். யாரும் வாங்கமாட்டாங்க என்றால் பூஜ்யம். அப்போ உங்க லாபம் 57,000.

வெலிங்டன்வாசி: அந்த 57,000-ஐ எந்த அக்கவுண்ட்டில் வைத்திருக்கீங்க என்று கேளுங்க சார். அதற்குத்தான் என் புத்தகம்.