மார்ச்சில் வரும் பெரிய பில்லை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சின்ன அலுவலகத்துக்கு இணையம், போன், மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே ஐடி பட்ஜெட்டில் கொண்டுவரப் பார்க்கிறேன். இணையமும் போனும் மாதாமாதம் ஒரே மாதிரி வருவதால் தொல்லை இல்லை. சிக்கல் வருடச் சந்தாவில்தான்: கணக்கு மென்பொருள் மார்ச்சில் 1,440 ரிங்கிட், டிசைன் மென்பொருள் செப்டம்பரில் 960, மொத்தம் 2,400, அதாவது மாதம் 200 ஒதுக்கினால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் ஜனவரியில் ஆரம்பித்தால் மார்ச் கடைசியில் கையில் 600தானே இருக்கும், 840 இடிக்கிறது! அந்த 840ஐ முதலிலேயே போட்டுவிட்டால் செப்டம்பர் பில்லும் கட்டி, டிசம்பரில் அதே 840 மிச்சம் நிற்கிறது, அடுத்த மார்ச்சுக்குச் சரியாக இருக்கும்.

முதலாளியோ இரண்டு புதுப்பிப்பையும் ஒரே தேதிக்கு மாற்றச் சொல்கிறார். அப்படிச் செய்தால் ஒரே மாதத்தில் 2,400 போகுமே என்று எனக்குப் பயம். யாராவது தேதியை மாற்றியிருக்கிறீர்களா, மென்பொருள் நிறுவனத்தார் இடைப்பட்ட மாதங்களுக்கு மட்டும் கணக்கிட்டுப் பணம் வாங்கினார்களா? அப்புறம், தானாகப் புதுப்பிப்பதை நிறுத்தக் கடைசி நாளையும் ஷீட்டில் தனிப் பத்தியாக வைக்கிறீர்களா?