ஃபிளாஷ் லோன்: ஈடே இல்லாமல் 10,000 ஈதர் கிரிப்டோவை எப்படிக் கொடுக்கிறார்கள்?

கணக்கன்: ஒரே பரிவர்த்தனைக்குள் கடன் வாங்கி அதே பரிவர்த்தனையில் கட்டுகிறோம். கடைசியில் பணம் திரும்பவில்லை என்றால் மொத்தமும் ரத்து. கடன் கொடுத்ததாகவே பதிவாகாது. அதனால்தான் ஈடு கேட்பதில்லை.

மதுரைமல்லி: அப்போ இன்றைக்கு எடுத்து எக்ஸ்சேஞ்சில் போட்டு, நாளைக்கு விலை ஏறியதும் கட்டலாமா? எனக்கு ஒரு வாரம் கிடைத்தாலே போதும்.

கணக்கன்: முடியாதுங்க. சில நொடியில் வரும் அடுத்த பிளாக் வரைகூடத் தங்காது. செய்வதையெல்லாம் பிளாக்செயினில் ஓடும் ஒரே ஒப்பந்த நிரலில் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

வைகைக்கரை: நஷ்டத்துக்கே வழியில்லை. தோற்றால் ரத்து, அவ்வளவுதான்.

நிரலி: பாதி சரி. கடன் ரத்தாகும், பரிவர்த்தனையை ஓட்ட நெட்வொர்க்குக்குக் கட்டிய கேஸ் கட்டணம் போனது போனதுதான். ஃபிளாஷ் லோன் தரும் ஆவே தளத்தின் மூன்றாம் பதிப்பில் வழக்கமான கட்டணம் 0.05%. 10 லட்சம் டாலர் எடுத்தால் 500 டாலர். இரண்டு சந்தைக்கு நடுவே 0.4% விலை வித்தியாசம் தெரிந்தாலும், இரண்டு பக்கமும் ஆளுக்கு 0.3% பிடித்தால் கட்டணத்திலேயே கை கடிக்கும். புதிதாக எழுதுபவர்கள் இன்னொன்றிலும் விழுவார்கள்: ஆவே பணத்தைத் தானே வந்து எடுத்துக்கொள்ளும், நாம் அனுமதி தந்திருக்க வேண்டும். கடன் வந்ததும் ஆவே கூப்பிடும் நம் `executeOperation` முடிவில் இது விட்டுப்போனால், லாபம் கையில் இருந்தும் ரத்துதான்:

```solidity
IERC20(asset).approve(address(POOL), amount + premium);
return true;
```

கணக்கன்: தலைப்பில் உள்ள 10,000 ஈதர், 2020 பிப்ரவரியில் பிஇசட்எக்ஸ் என்ற நெம்புகோல் வர்த்தகத் தளத்தைத் தாக்க ஒருவர் எடுத்தது. கடன் கொடுத்தது டிஒய்டிஎக்ஸ் என்ற இன்னொரு தளம். 5,500 ஈதரைக் காம்பவுண்ட் என்ற கடன் தளத்தில் ஈடாக வைத்து, பிட்காயின் விலையிலேயே எதீரியத்தில் புழங்கும் ராப்டு பிட்காயின் 112 கடன் வாங்கினார் அந்த ஆள். 1,300 ஈதரைப் பிஇசட்எக்ஸில் கட்டி, தளத்தின் பணத்தையும் சேர்த்து ஐந்து மடங்கு நெம்புகோலில் ஈதருக்கு எதிராகப் பந்தயம். அதற்காகத் தளம் சுமார் 5,637 ஈதரை யூனிஸ்வாப் எக்ஸ்சேஞ்சில் பணம் குறைவாக இருந்த குளத்தில் கொட்டி ராப்டு பிட்காயின் வாங்க, அதன் விலை அங்கே எகிறியது. உடனே தன்னிடம் இருந்த 112-ஐ அங்கேயே விற்று 6,871 ஈதர். கையில் மீதி 3,200. கூட்டினால் 10,071. கடனை அடைத்தும் 71 மிச்சம்!

வைகைக்கரை: இத்தனை வேலையும் வெறும் 71 ஈதருக்கா?

கணக்கன்: அசல் லாபம் காம்பவுண்டில் கிடந்தது. அன்றைய சந்தை விலையில் 112 வாங்க ஏறக்குறைய 4,300 ஈதர். அதைக் கட்டினால் 5,500 ஈதர் ஈடு திரும்பும். ஓட்டை பிஇசட்எக்ஸில்: நஷ்டத்தில் போகும் பந்தயத்தைத் தடுக்கும் சோதனை அந்த வழியில் ஓடவே இல்லை.

நிரலி: அப்படியென்றால் குற்றம் ஃபிளாஷ் லோன் மேல் இல்லையே. சொந்தமாக 10,000 ஈதர் வைத்திருந்தவரும் இதையே செய்திருக்கலாம்.

மதுரைமல்லி: வைத்திருப்பவர் எத்தனை பேர்? இது வந்தபிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகிவிட்டதே.