ஏசாயா 7:14: 'அல்மா' என்றால் கன்னிகையா, இளம்பெண்ணா?

மலைக்கோட்டை:
எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் வேதாகமங்கள் இருக்கின்றன. பழையதில் "ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி ஒரு குமாரனைப் பெறுவாள்" என்று இருக்கிறது. பொது மொழிபெயர்ப்பிலோ "கருவுற்றிருக்கும் அந்த இளம்பெண்" என்று இருக்கிறது. 'அல்மா' என்னும் ஒரே எபிரேயச் சொல் எப்படி இரண்டு பொருள் தருகிறது? அறிஞர்கள் இதை எவ்வாறு விளக்குகிறார்கள்?

கருங்கல்:
இதில் குழப்பமே இல்லை. எபிரேயத்தில் கன்னிக்குத் தனிச்சொல் உண்டு, அது 'பெத்துலா'. ஆண் தொடர்பு அறியாதவள் என்று ஏசாயா சொல்ல விரும்பியிருந்தால் அந்தச் சொல்லையே எழுதியிருப்பார். அவர் 'அல்மா' என்று எழுதியதால், அவர் கருதியவள் கன்னியல்லாத ஒரு சாதாரணப் பெண்தான். அதைக் கிரேக்கத்தில் கன்னி என்று மொழிபெயர்த்தவர் செய்த பிழையை, இயேசுவின் பிறப்பைச் சொல்லுமிடத்தில் மத்தேயு அப்படியே எடுத்துக்கொண்டார்.

ஏட்டுச்சுவடி:
கருங்கல் ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நான் சில ஆண்டுகளாக எபிரேயம் கற்பித்து வருகிறேன். மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இதே வாதத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். 'பெத்துலா' அவ்வளவு கூர்மையான சொல் அன்று. யோவேல் 1:8-இல் தன் இளவயதின் கணவனுக்காக இரட்டுடுத்திப் புலம்புகிற ஒரு பெத்துலா வருகிறாள். ஆதியாகமம் 24:16 ரெபெக்காளைப் பெத்துலா என்று சொன்ன பிறகும், எந்த ஆணும் அவளை அறியவில்லை என்று தனியாகச் சேர்க்கிறது. முதற்சொல்லே போதுமானதாக இருந்திருந்தால் அந்தச் சேர்ப்பு எதற்கு? மணவயதுப் பெண் என்பதே அதன் அடிப்படைப் பொருள் என்று கோர்டன் வென்ஹாம் 1972-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். எல்லாரும் அதை ஏற்கவில்லை என்றாலும், பெத்துலா என்றாலே கன்னி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாத நிலையை அது உண்டாக்கிவிட்டது.

'அல்மா' மிகச் சில இடங்களில்தான் வருகிறது. இசைக் குறிப்பாக வரும் பன்மை வடிவத்தை ஒதுக்கிவிட்டால் ஏழே இடங்கள். நாணலிடையே மிதந்த தம்பி மோசேயைக் காவல்காத்த சிறுமி ஓர் அல்மா. கிணற்றடிக்கு வரும் ரெபெக்காளும் அல்மா. தம்புரு வாசித்துச் செல்லும் பெண்களும் அவ்வாறே. இதன் ஆண்பால் 'எலெம்'. சவுல் தாவீதைச் சுட்டி, இந்தப் பிள்ளை யாருடைய மகன் என்று கேட்குமிடத்தில் அந்தச் சொல் வருகிறது. அங்கே எவரும் தாவீதின் பிரமசரியத்தைப் பற்றி யோசிப்பதில்லை. வயதைத்தான் சொல் காட்டுகிறது. ஆகவே அல்மா என்பது பருவத்தைக் குறிக்கும் சொல் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதே காரணத்தால் அவள் கன்னியல்லாதவள் என்றும் அந்தச் சொல்லிலிருந்து முடிவுகட்ட முடியாது.

ஒலிவமரம்:
சகோதரி, இவ்வளவு சுற்றுவழி எதற்கு? கிறிஸ்துவுக்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுபத்திரண்டு யூத மூப்பர்கள் அலெக்சாந்திரியாவில் இதைப் 'பார்த்தெனோஸ்', அதாவது கன்னி, என்று மொழிபெயர்த்தார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். அவர்களுக்கு இதில் எந்த ஆதாயமும் இல்லை. தங்கள் மொழியை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். கிறிஸ்தவம் பரவிய பிறகு யூதர்கள்தான் சொல்லை மாற்றினார்கள். அதுமட்டுமன்று, ஓர் இளம்பெண் பிள்ளை பெறுவது அன்றாடம் நடப்பது. அது எப்படி அடையாளமாகும்?

ஏட்டுச்சுவடி:
ஐயா, இதில் மூன்று செய்திகள் கலந்திருக்கின்றன.

எழுபத்திரண்டு மூப்பர்களின் கதை மோசேயின் ஐந்து நூல்களைப் பற்றியது. ஏசாயா அதற்குப் பின்பு, பெரும்பாலும் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் மொழிபெயர்க்கப்பட்டது என்பதே ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஆயினும் மொழிபெயர்த்தவர் கிறிஸ்துவுக்கு முற்பட்ட யூதர் என்ற உங்கள் கருத்து நிற்கிறது. அது வலுவான கருத்தே. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் அந்தப் பழைய கிரேக்க வேதாகமத்தில் அல்மாவுக்குப் பெரும்பாலும் 'நெயானிஸ்', அதாவது இளம்பெண், என்ற சொல்லே வருகிறது. அல்மாவுக்குப் பார்த்தெனோஸ் வருவது இங்கும் ரெபெக்காளின் கிணற்றடியிலும் மட்டுமே. ஏன் இங்கே என்பதற்கு உறுதியான விடை கிடைக்கவில்லை. ஆனால் பார்த்தெனோசும் கறாரான சொல் அன்று. ஆதியாகமம் 34-இல் சீகேம் தீனாளைக் கெடுத்த பிறகு, அடுத்த வசனத்திலேயே கிரேக்கம் அவளைப் பார்த்தெனோஸ் என்கிறது. மேலும் கிரேக்கத்தில் கருவுறுதல் எதிர்காலத்தில் இருக்கிறது. இப்போது கன்னியாக இருப்பவள் மணமாகி இனிமேல் கருவுறுவாள் என்று அந்த மொழிபெயர்ப்பாளர் எண்ணியிருக்கவும் கூடும்.

சொல்லை மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டு பழையது. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் எழுதிய உரையாடலில், திரிபோன் என்னும் யூதர் அது இளம்பெண்தான் என்று மறுக்கிறார். யூத ஆசிரியர்கள் எழுபதின்மரின் மொழிபெயர்ப்பைப் புறக்கணிக்கிறார்கள் என்று யுஸ்தீன் குறைகூறுகிறார். ஆக்கிலா, தெயோதோசியோன் முதலியோர் தங்கள் புதிய கிரேக்க மொழிபெயர்ப்புகளில் நெயானிஸ் என்றே எழுதினார்கள். ஆனால் அது கிரேக்கச் சொல்லைப் பற்றிய சண்டை. எபிரேய மூலத்தில் எவரும் கைவைக்கவில்லை. 1947-இல் கும்ரானில் கிடைத்த ஏசாயாச் சுருள் கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்டது. அதிலும் அல்மாதான் இருக்கிறது.

அடையாளம் எது என்பதற்கு அதிகாரம் முழுவதையும் படிக்கவேண்டும். ஏறத்தாழ கி.மு. 734-இல் சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் சேர்ந்து எருசலேமின்மேல் வருகிறார்கள், யூதாவின் அரசன் ஆகாஸ் நடுங்குகிறான். 16-ஆம் வசனம் என்ன சொல்கிறது? தீமையை வெறுத்து நன்மையைத் தெரிந்துகொள்ள அந்தப் பிள்ளை அறியுமுன்னே, நீ அஞ்சுகிற இரண்டு அரசர்களின் நாடும் கைவிடப்படும் என்கிறது. ஆக, பிள்ளை ஒரு காலக்கணக்கு. அது கருவில் இருக்கும்போது சொல்லப்படுகிறது. நல்லது கெட்டது தெரியுமுன் பகைவர் இருக்கமாட்டார்கள். கி.மு. 732-இல் அசீரியாவின் திகிலாத் பிலேசர் தமஸ்குவைப் பிடித்தான், ரேத்சீன் கொல்லப்பட்டான். எழுநூறு ஆண்டுகள் கழித்து நடப்பது ஆகாசுக்கு எப்படி அடையாளமாகும் என்ற கேள்விக்கும் நீங்கள் விடை சொல்லவேண்டும்.

ஞாயிறுபள்ளி டீச்சர்:
எனக்கு இதைப் படிக்கும்போதே மனம் பதறுகிறது. இருபது வருடங்களாகக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் பிள்ளைகளை இந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லவைக்கிறேன். சென்ற வருடம் மரியாள் வேடமிட்ட சிறுமி, "டீச்சர், எங்கள் பாட்டியின் பைபிளில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அப்படியானால் இயேசு கன்னியிடம் பிறக்கவில்லை என்றா அறிஞர்கள் சொல்கிறார்கள்?

ஏட்டுச்சுவடி:
இல்லை அம்மா, அது வேறு கேள்வி. கன்னிப்பிறப்பை லூக்காவும் சொல்கிறார். அவர் ஏசாயா 7:14-ஐ மேற்கோள் காட்டவே இல்லை. மரியாள் தேவதூதனிடம், தான் ஓர் ஆணை அறியாதிருப்பதாகச் சொல்கிறாள்; அந்தக் கதை அல்மாவின் பொருளைச் சார்ந்து நிற்கவில்லை. மத்தேயு மட்டுமே கிரேக்க வசனத்தைத் தம் கதையோடு இணைக்கிறார். கன்னிப்பிறப்பை உறுதியாக நம்புகிற பல அறிஞர்களே ஏசாயாவில் 'இளம்பெண்' என்று மொழிபெயர்க்கிறார்கள்.

கருங்கல்:
பெத்துலா பற்றி நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன், அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை யார் என்பது தெளிவாகத் தெரிகிறதே. ஆகாசின் மகன் எசேக்கியா. திரிபோனும் அதைத்தான் சொன்னார்.

ஏட்டுச்சுவடி:
அதற்கு வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டு மறுப்புச் சொல்லிவிட்டார். ஆகாஸ் ஆண்டது 16 ஆண்டுகள். எசேக்கியா பட்டத்துக்கு வந்தபோது அவனுக்கு வயது 25. அப்படியென்றால் தகப்பன் அரசனாகும்போதே மகனுக்கு ஒன்பது வயது. பிறந்துவிட்ட பிள்ளையைப் பிறக்கப்போவதாக எப்படிச் சொல்வது? ஆனால் அந்தக் கணக்கிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. ஆகாஸ் 20 வயதில் அரசனாகி 36-இல் இறந்தான் என்றால், 11 வயதில் தகப்பனாகியிருக்கவேண்டும். எண்களில் எங்கோ பிழை இருக்கிறது என்று சொல்லி எசேக்கியாவைத் தாங்கிப் பிடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ராஷி போன்ற யூத உரையாசிரியர்கள் அந்த அல்மாவை ஏசாயாவின் மனைவி என்றார்கள். அடுத்த அதிகாரத்தில் அவளுக்குப் பிறக்கிற மகனைப் பற்றியும் இதே போன்ற காலக்கணக்கு வருவது அதற்குத் துணை. தடை என்னவென்றால், 7:3-இல் ஏசாயா ஏற்கெனவே ஒரு மகனைக் கைப்பிடித்துக்கொண்டுதான் அரசனைப் பார்க்க வருகிறார். பிள்ளை பெற்றவளை அல்மா என்பார்களா?

ஒலிவமரம்:
உங்களுக்கே முடிவு தெரியவில்லை என்றால், மத்தேயுவின் வாசிப்பைத் தள்ளிவிட என்ன உரிமை? தீர்க்கதரிசனத்துக்கு முதலில் ஒரு சிறு நிறைவேற்றமும் பிறகு முழு நிறைவேற்றமும் இருக்கக்கூடாதா?

ஏட்டுச்சுவடி:
இருக்கலாம், அப்படிச் சொல்கிற அறிஞர்கள் உண்டு, நான் அதைத் தள்ளவில்லை. ஆனால் அது இறையியல் விளக்கம். அதைக் கொண்டு அல்மாவின் அகராதிப் பொருளை மாற்ற முடியாது.

மலைக்கோட்டை:
நான் கேட்டது சொல்லைப் பற்றி. இப்போது இரண்டு வேதாகமங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. ஒன்றில் 'ஒரு', மற்றதில் 'அந்த'; ஒன்றில் 'கர்ப்பவதியாகி', மற்றதில் 'கருவுற்றிருக்கும்'. இந்த வேறுபாடு எபிரேயத்தில் இருக்கிறதா?

ஏட்டுச்சுவடி:
அண்ணா, அதுதான் எனக்கு அல்மாவைவிடப் பெரிய கேள்வியாகத் தோன்றுகிறது. எபிரேயத்தில் 'ஹா அல்மா' என்று இருக்கிறது. முன்னொட்டான 'ஹா' ஏறத்தாழ நம் 'அந்த'. அதனால் ஆகாசும் ஏசாயாவும் அறிந்த ஒருத்தியை, ஒருவேளை அரண்மனையில் எதிரே நின்ற ஒருத்தியையே சுட்டியிருக்கலாம். அடுத்துவரும் 'ஹாரா' வினை அன்று, பெயரடை: 'கர்ப்பமாயிருக்கிற' என்பது அதன் நேர்ப்பொருள். ஆதியாகமம் 16:11-இல் தூதன் ஆகாரிடம் ஏறக்குறைய இதே சொற்றொடரைச் சொல்கிறான்; அவள் அப்போது ஏற்கெனவே கருவுற்றிருந்தாள். ஏசாயாவிலும் அப்படியே படித்தால், அவள் எதிர்காலத்தில் எப்படிக் கருவுறுவாள் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது. ஆனால் நியாயாதிபதிகள் 13-இல் மனோவாவின் மலடியான மனைவியிடமும் இதே 'ஹாரா' சொல்லப்படுகிறது; அவள் அப்போது கருவுற்றிருந்தாளா, இனிமேல்தான் கருவுறப்போகிறாளா என்று அங்கேயும் உரையாசிரியர்கள் பிரிந்து நிற்கிறார்கள்.

ஒலிவமரம்:
அந்த மனோவாவின் மனைவியைப் பற்றி நானும் கேட்க நினைத்தேன். மூன்றாம் வசனத்தில் "நீ கர்ப்பந்தரித்து" என்று எதிர்காலத்தில்தானே இருக்கிறது? ஐந்தாம் வசனத்தையும் அதோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும். நாளை முழு அதிகாரத்தையும் படித்துவிட்டு வருகிறேன்.