எண்ணையும் தேதியையும் தமிழ்க் குரல் ஒழுங்காக வாசிக்க வழி?

நிஷா_சிப்புட்
வணக்கம். எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர்கள்தான் அதிகம். அவர்கள் கேட்டால் தமிழில் பேசிப் பதில் சொல்லும் சாட்போட் ஒன்று செய்கிறோம். குரல் அருமை. ஆனால் எண் வந்தால் உளறுகிறது. இதுதான் நாங்கள் அனுப்பும் வரி:

```
Kg. Baru உறுப்பினர்கள் 05/06/2025 காலை 7.30-க்கு RM1,250-க்கான ரசீதுடன் வரவும்.
```

காதில் விழுவது: "கிலோகிராம் பாரு... மே ஆறு... ஏழு புள்ளி மூன்று பூஜ்ஜியம், கு... ஆர் எம் ஒன்று, இருநூற்று ஐம்பது, கான". ஒரு பாட்டி "யாருக்கு எத்தனை கிலோ அரிசி?" என்று கேட்டார். எங்கே சரிசெய்வது?

கோட்_கணேஷ்
சுலபம்லா. எப்படி வாசிப்பது என்று குரலுக்குச் சொல்லும் SSML குறி போடுங்கள்:

```xml
<say-as interpret-as="date" format="dmy">05/06/2025</say-as>
```

பணத்துக்கும் நேரத்துக்கும் இதே மாதிரி உண்டு. எல்லாம் சரியாகிவிடும்.

முருகையா_அங்கிள்
நான் கோயில் அறிவிப்பெல்லாம் தட்டச்சு செய்பவன். ௧௨௫௦ என்று தமிழ் எண்ணிலேயே எழுதிவிட்டால் தமிழாக வாசிக்காதா? எங்கள் கோயில் நோட்டீஸில் அப்படித்தான் போடுகிறோம், யாரும் குறை சொன்னதில்லை.

நிஷா_சிப்புட்
அங்கிள், அதைப் படிப்பது மனிதர்கள். குரல் அந்த எழுத்துகளை விழுங்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது.

ஒலிப்பொறி
கணேஷ் சொன்னது பாதி வழி. `say-as`-க்கு என்னென்ன மதிப்பு என்று SSML தரமே கட்டாயமாக வரையறுக்கவில்லை. ஒவ்வொரு பொறியும் தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டிருக்கிறது, தமிழ்க் குரலில் சில வேலை செய்யாது. அதைவிடப் பெரிய தொல்லை வேற்றுமை உருபு. `5000`-ஐ மட்டும் குறிக்குள் வைத்தால் `க்கு` வெளியே தனியாக நிற்கும், "ஐயாயிரம்... கு" என்று வரும். எனவே குரலுக்கு அனுப்புமுன் நீங்களே சொல்லாக மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது உருபு எதோடு ஒட்டும் என்று பாருங்கள். RM எழுத்தில் முன்னால் வருகிறது, பேச்சில் பின்னால் போகிறது. அதனால் `-க்கான` எண்ணை விட்டு ரிங்கிட்டோடு சேரும்: "ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரிங்கிட்டுக்கான". நேரத்தில் அது மணியோடு சேரும். 7.30 என்றால் நம் ஆட்கள் "ஏழரை மணிக்கு" என்பார்கள், 7.45 "ஏழே முக்கால்". முன்னால் காலை, மாலை, இரவு இருந்தாலோ பின்னால் மணி இருந்தாலோ மட்டும் புள்ளியை நேரமாக எடுங்கள். இல்லாவிட்டால் "கிலோ 7.30" என்ற விலையும் ஏழரை மணியாகிவிடும்.

வெறும் எண்ணோடு உருபு வந்தால்தான் சொல்லின் கடைசி மாறும்:

```python
def kku(sol):
    if sol.endswith("ம்"):            # ஆயிரம்
        sol = sol[:-2] + "த்து"
    elif sol.endswith(("நூறு", "ணூறு", "னூறு")):
        sol = sol[:-2] + "ற்று"
    return sol + "க்கு"
```

ஆயிரத்துக்கு, நூற்றுக்கு, தொண்ணூற்றுக்கு எல்லாம் சரியாக வரும். 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், 9,000 ஒன்பதாயிரம். இவற்றுக்கு விதி தேடாதீர்கள், பட்டியலில் எழுதி வையுங்கள்.

வரிசையும் முக்கியம்: முதலில் தேதி, பிறகு பணம், நேரம், கடைசியில்தான் தனி எண். தனி எண் முந்திக்கொண்டால் 05/06/2025 மூன்று துண்டாகிவிடும். இங்கே நாள்தான் முதலில், எனவே "ஜூன் ஐந்தாம் தேதி" என்று நீங்களே எழுதிவிட்டால் பொறி ஊகிக்க இடமில்லை.

நிஷா_சிப்புட்
நன்றி சார்! தேதியும் நேரமும் சரியாகிவிட்டன. ஆனால் `r"\d+-?\w*"` என்று தேடினால் `5000-க்கு` முழுதாகச் சிக்கவில்லை. மாற்றிய பிறகும் `்கு` என்று ஏதோ வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒலிப்பொறி
பைத்தானின் `re`-யில் `\w` என்பது தமிழ்ப் புள்ளியையும் துணைக்குறிகளையும் எழுத்தாக எண்ணாது. `5000-க` வரை பிடித்து நின்றுவிடும். `\w*`-க்குப் பதில் `[\u0B80-\u0BFF]*` போடுங்கள். `\b`-யும் இதே காரணத்தால் தமிழ்ச் சொல்லின் நடுவில் வெட்டும்.

கோட்_கணேஷ்
அட, என் பழைய சாட்போட்டிலும் அந்த வால் இருந்தது. Kg. மட்டும் எப்படித் தீர்ப்பது அண்ணே?

ஒலிப்பொறி
முன்னால் எண் இருந்தால் கிலோ. பின்னால் ஊர்ப்பெயர் வந்தால் கம்போங். Sg. என்றால் சுங்கை, Ldg. என்றால் லாடாங், கேட்பவருக்கு "தோட்டம்" என்றே சொல்லலாம். சுருக்கத்தின் புள்ளியையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குரல் வாக்கியம் முடிந்ததென்று நிறுத்தும். Bt.-க்கு விதி கிடையாது. புக்கிட்டும் உண்டு, பத்துவும் உண்டு. உங்கள் வட்டார ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி வைக்கத்தான் வேண்டும்.

நிஷா_சிப்புட்
இப்போது கேட்பது: "கம்போங் பாரு உறுப்பினர்கள் ஜூன் ஐந்தாம் தேதி காலை ஏழரை மணிக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரிங்கிட்டுக்கான ரசீதுடன் வரவும்." ஆனால் பெரியவர்கள் "வெள்ளி" என்றுதான் கேட்கிறார்கள். ரிங்கிட்டுக்குப் பதில் அதைப் போட்டால் "வெள்ளி ஐம்பது வெள்ளி கட்டவும்" என்று கிழமையோடு மோதுகிறது.

முருகையா_அங்கிள்
கிழமையை "வெள்ளிக்கிழமை" என்று முழுசாப் போடும்மா. பணத்துக்கு வெள்ளியே இருக்கட்டும்.

கோட்_கணேஷ்
சின்னப் பிள்ளைகளுக்கு ரிங்கிட்தான் புரியும், அங்கிள். இரண்டு பதிப்பு வைக்க முடியுமா பாருங்கள்.