புதுப்பிப்பு: SPY புட் ஸ்பிரெட்டை இலக்கிலும் நஷ்ட வரம்பிலும் தானாக மூடுவது

என் கேள்வி: "அமெரிக்கக் கணக்கில் ஸ்பிரெட் விற்றிருக்கிறேன். சென்னையில் ராத்திரி கண் விழிக்க முடியாது. நஷ்ட ஆர்டர் சந்தை திறந்ததுமே வீணாகத் தூண்டப்படுகிறது, என்ன செய்ய?"

எல்லோருக்கும் நன்றி. "ஸ்பிரெட் விலையைப் பார்க்காதீங்க, SPY விலையைப் பார்த்துத் தூண்டுங்க" என்ற அண்ணனின் யோசனைதான் பலித்தது.

5 டாலர் அகல ஸ்பிரெட், விற்றது 1.20க்கு. 0.60க்குத் திரும்ப வாங்கும் ஜிடிசி லிமிட் அப்படியே இருந்தது. நஷ்டப் பக்கத்தில் ஸ்பிரெட் விலை 2.40ஐத் தொட்டால் மூடு என்று இருந்ததை எடுத்துவிட்டு, SPY விற்ற ஸ்டிரைக்கைத் தொட்டால் மூடு என்று போட்டேன். இரவு 7 மணிக்குச் சந்தை திறந்ததும் பிட்-ஆஸ்க் விரிந்து ஸ்பிரெட் 2.40ஐத் தாண்டிக் காட்டியது; SPY ஸ்டிரைக்குக்கு மேலேயே நின்றதால் ஆர்டர் தூண்டப்படவில்லை. பிறகு 0.60 நிறைவேறி, அதோடு ஜோடியாகப் போட்டிருந்த நஷ்ட ஆர்டர் தானே ரத்தானது. கமிஷன் போக லாபம் 60 டாலருக்குக் கொஞ்சம் குறைவு.

எதிர்பாராதது: ஜிடிசி முடிவில்லாமல் நிற்கும் என்று ஒருவர் சொன்னார். நாமே ரத்து செய்யும்வரை என்பது சரி, ஆனால் என் புரோக்கர் அதற்கும் கடைசித் தேதி வைத்திருக்கிறார். ஆர்டர் விவரத்தில் பாருங்கள்.

SPY கீழே இடைவெளி விட்டுத் திறந்தால்? ஸ்பிரெட்டுக்கு 380 டாலர்வரை போகலாம். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.